குடும்பக் கடையின் கதையை மூன்று நிமிட வீடியோவாக எடுப்பது எப்படி? ஒரு பொரிச்ச பரோட்டா கடையை வைத்து ஒரு வழிகாட்டி

குடும்பமாக நடத்தும் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி வரும் வீடியோக்களில் பெயர்ப் பலகையை மட்டும் கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள். பாதிக்கு மேல் எந்தக் கடை என்றே தெரியாது. உயரத்திலிருந்து ஒரு தெருக்காட்சி, கொதிக்கும் குழம்பு, பாரம்பரியச் சுவை, கைப்பக்குவம் என்று சொல்லும் ஒரு கனத்த குரல், கீழே சினிமாப் பாட்டு. பார்த்தவருக்குப் பசி வரலாம். ஆனால் அந்தக் கடைக்குத்தான் போக வேண்டும் என்று தோன்றாது.

கடையின் தொடக்கக் கதையைச் சொல்லும் வீடியோவில் மூன்று விஷயம் சேர வேண்டும்: சமையல் பக்குவம், குடும்பத்தின் நினைவு, 'வாங்க' என்ற அழைப்பு. புதிதாக எடுப்பவர்கள் இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துவிடுகிறார்கள். முதலில் தாத்தா கதை, அப்புறம் சமையல், கடைசியில் முகவரி. அப்படி வைத்தால் ஒவ்வொரு பகுதி முடியும்போதும் ஆள் கழன்றுகொள்வார். நான் சொல்லும் வழி வேறு. சமையல் பக்குவத்தை முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்குவத்திலும் காத்திருக்கும் நேரம் உண்டு: மாவு ஊறும் நேரம், குழம்பு வற்றும் நேரம், எண்ணெய் காயும் நேரம். நினைவுகளை அந்தக் காத்திருப்பில் வையுங்கள். சமையல் முடியும் இடத்தில் அழைப்பு தானாக வந்து நிற்கும்.

புரியும்படி சொல்ல, ஒரு கடையை வைத்துக்கொள்வோம். விருதுநகரில் சாயந்தரம் மட்டும் திறக்கும் பொரிச்ச பரோட்டா கடை. தாத்தா தொடங்கியது, அப்பா நடத்துகிறார், பேரன் கையில் போன் இருக்கிறது, அப்பத்தா உயிரோடு இருக்கிறார். குடும்பமும் அதன் கதையும் எடுத்துக்காட்டுக்காக நான் அமைத்தவை. பக்குவமும் படமெடுக்கும் முறையும் அப்படியே செய்து பார்க்கக்கூடியவை.

கேமராவை எடுக்கும் முன்: கதையைக் கேட்பது

முதல் நாள் போனை வைத்துக்கொண்டு பேட்டி எடுக்க உட்காராதீர்கள். வீட்டில் யாருக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று சும்மா பேசிப் பாருங்கள், குரலை மட்டும் பதிவு செய்யுங்கள். "கடை எப்படி ஆரம்பிச்சுச்சு?" என்று கேட்டால் வருவது எப்போதும் ஒரே பதில்தான்: "ரொம்பக் கஷ்டப்பட்டு ஆரம்பிச்சோம்பா." அதில் படமாக்க எதுவும் இல்லை. கையில் பிடிக்கக்கூடிய பொருளைப் பற்றிக் கேளுங்கள். முதல் பரோட்டாக் கல் எங்கே வாங்கியது, அதற்குக் காசு யார் கொடுத்தது? முதல் மூட்டை மாவு கடனா ரொக்கமா? விளக்கு என்ன விளக்கு? யார் முதலில் சாப்பிட வந்தார்கள், எதில் உட்கார்ந்தார்கள்? மழை பெய்தால் என்ன செய்வீர்கள்?

நம் கடையில் அந்தப் பேச்சு இப்படிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அப்பத்தா, சால்னா அப்பவும் கடையிலதான் வச்சாங்களா?"

"கடையில எங்க? இருந்தது ஒரே அடுப்பு. அதுல கல்லு கிடக்கும். சால்னா வீட்டுல வச்சு, தூக்குச்சட்டியில நான்தான் கொண்டு போவேன். உங்கப்பன் இடுப்புல இருப்பான்."

"இப்பவும் வீட்டுலதான வைக்கிறோம்?"

"ஆமா. கடையில வச்சா உங்க தாத்தா ஒத்துக்கிடல. ஒரு தடவ வச்சுப் பார்த்தாரு. வத்தல் மண்டி ஆளுக ரெண்டு வாய் தின்னுட்டு, 'மயினி வைக்கலயா இன்னைக்கு'ன்னு கேட்டுட்டாங்க."

வீடியோ கிடைத்துவிட்டது. பரோட்டா கடையில் போடப்படுகிறது, சால்னா இன்றைக்கும் வீட்டிலிருந்து வருகிறது. இந்த ஒரு வரியில் ஒரு பழக்கம் இருக்கிறது, ஒரு காரணம் இருக்கிறது, படமெடுக்க ஒரு பாதை இருக்கிறது. தினமும் சாயந்தரம் வீட்டிலிருந்து கடைக்கு ஒரு பாத்திரம் போகிறது, அவ்வளவுதான். இது வேறு எந்தக் கடைக்கும் பொருந்தாது. உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒன்று இருக்கும். வீட்டுக்காரர்களுக்கு அது தினசரி வேலை என்பதால் யாரும் அதைக் கதையாக நினைத்திருக்க மாட்டார்கள். அதனால்தான் நேரடியாகக் கேட்டால் வராது, பொருளை வைத்துக் கேட்டால் வரும்.

அடுத்தது வருஷம். பலகையில் '1965 முதல்' என்று எழுதும் ஆசை எல்லோருக்கும் உண்டு. எழுதும் முன் சரிபார்த்துவிடுங்கள், ஊரில் வயதானவர்கள் பார்ப்பார்கள். பெரியவர்களுக்கு ஆண்டு ஞாபகம் இருக்காது, ஆனால் எதற்கு முன், எதற்குப் பின் என்பது நன்றாகவே இருக்கும். விருதுநகரில் இதற்கு நல்ல அடையாளக் கற்கள் உண்டு. காமராஜர் அங்கே தேர்தலில் தோற்றது 1967, அவர் மறைந்தது 1975 அக்டோபர் 2, விருதுநகர் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1985. "காமராசர் தோத்ததுக்கு அடுத்த வருஷம், மூத்தவன் கைப்பிள்ளை" என்று அப்பத்தா சொன்னால் 1968 என்று வருகிறது. மூத்தவரான அப்பாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதியைப் பாருங்கள். 1967 கடைசியிலோ 1968 தொடக்கத்திலோ இருந்தால் கணக்கு ஒத்துப்போகிறது. விலையை வைத்துக் காலம் கணிக்கும்போது மட்டும் கவனம். அணாக் கணக்கு 1957-இல் போய்விட்டாலும் 25 காசை 'நாலணா' என்றே பல பத்தாண்டுகள் சொல்லிவந்தோம். 'அப்ப பரோட்டா நாலணா' என்பதை வைத்து 1957-க்கு முன்பு என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

வருஷம் உறுதியாகவில்லை என்றால் 'அறுபதுகளின் கடைசியில்' என்று சொன்னால் போதும். 'ஊரிலேயே முதல் கடை' என்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதை நிரூபிக்க முடியாது, அடுத்த தெருக்காரருக்கும் அதே கதை இருக்கும்.

இங்கே இன்னொன்றைச் சொல்ல வேண்டும், பலரும் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். குடும்பக் கடை என்றால் பங்காளிகள் இருப்பார்கள். தாத்தாவோடு அவர் தம்பியும் சேர்ந்து தொடங்கியிருப்பார், பிறகு பிரிந்திருப்பார்கள், ஒரே பெயரில் இரண்டு கடைகூட ஓடிக்கொண்டிருக்கலாம். வீடியோவில் சின்னத் தாத்தா பெயரே வராமல் போனால், அடுத்த கல்யாண வீட்டில் அது பேச்சாகும். கதையை எழுதி முடித்ததும், படமெடுப்பதற்கு முன்பே, அந்தப் பங்காளி வீட்டில் ஒருவரிடமாவது வாசித்துக் காட்டுங்கள். 'அண்ணனும் தம்பியுமா ஆரம்பிச்சாங்க' என்ற ஒரு வரி சேர்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். 'நாங்கதான் ஒரிஜினல்' என்று மறைமுகமாகக்கூட வேண்டாம். பார்ப்பவருக்கு அந்தச் சண்டை தெரியாது, தெரிந்தவருக்கு அது மட்டும்தான் கண்ணில் படும்.

பக்குவத்தை எவ்வளவு சொல்வது?

'ரெசிப்பியைச் சொல்லிட்டா கடைக்கு யார் வருவா?' என்பது நியாயமான பயம். என் கருத்து: செய்முறையைத் தாராளமாகக் காட்டலாம், கடையின் மசாலா அளவைச் சொல்ல வேண்டியதில்லை. கடைச் சுவை வருவது அந்தக் கல்லின் சூட்டிலும், தினமும் போட்டுப் பழகிய கையிலும். வீட்டில் ஒருமுறை செய்து பார்த்தவர், கடைக்காரரின் கையை இன்னும் நன்றாகவே மதிப்பார். ஆனால் சொல்வது எதுவானாலும் உண்மையாக வேலை செய்ய வேண்டும். வேண்டுமென்றே ஒரு பொருளை விட்டுவிட்டு 'இதுதான் எங்க ரெசிப்பி' என்று போடாதீர்கள். 'இது வீட்டு அளவு' என்று சொல்லிக் கொடுங்கள்.

நம் கடைக்கான வீட்டு அளவு இப்படி இருக்கலாம். அரை கிலோ மைதா, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். தண்ணீரை 280 மில்லியில் தொடங்கிப் பார்த்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும், 300 வரை போகலாம். சப்பாத்தி மாவைவிட இளக்கமாக, கையில் லேசாக ஒட்டும் பதம். கால் மணி நேரம் நன்றாக அடித்துப் பிசைந்து, மேலே எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு ஒன்றரை மணி நேரம் ஊற வைக்க வேண்டும். பிறகு 50 கிராம் உருண்டைகளாகப் பிடித்தால் ஏறக்குறைய 16 வரும். அவற்றை எண்ணெயில் புரட்டி இன்னும் அரை மணி நேரம் வைக்க வேண்டும். அப்புறம் வீசி, சுருட்டி, பத்து நிமிடம் விட்டு, உள்ளங்கையால் தட்டி, கல்லில் தேங்கிய எண்ணெயில் இருபுறமும் பொன்னிறமாகும்வரை பொரிப்பது. சாதாரணப் பரோட்டாவைவிடச் சிறியது, ஓரம் மொறுமொறுவென்று இருக்கும். அதை நொறுக்கிப் போட்டு, மேலே தண்ணியான சால்னாவை முங்கும்வரை ஊற்றிச் சாப்பிடுவார்கள்.

இதில் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வெறும் காத்திருப்பு. ஏன் காத்திருக்க வேண்டும் என்பதையும் படத்திலேயே காட்டிவிடலாம். பிசைந்த உடனே ஓர் உருண்டையை இழுத்தால் ரப்பர் மாதிரி திரும்பச் சுருங்கும், அல்லது கிழியும். ஊறிய உருண்டையை இழுத்தால் கை ரேகை தெரியுமளவு மெல்லிசாக விரியும். இரண்டையும் அடுத்தடுத்து நான்கு நான்கு விநாடி காட்டினால் போதும், விளக்கமே வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒன்றரை மணி நேரத்தில்தான் அப்பத்தாவின் கதை வருகிறது. ஈரத்துணி மூடுவதைக் காட்டுங்கள், அவர் குரல் தொடங்கட்டும். துணியை எடுப்பதைக் காட்டுங்கள், குரல் முடியட்டும். பார்ப்பவர் கதையைக் கேட்டபடியே மாவு ஊறக் காத்திருக்கிறார்.

சால்னாவுக்குச் சேரும் பொருட்களை மட்டும் காட்டினால் போதும்: தேங்காய், கசகசா, சோம்பு, பட்டை, கிராம்பு, சின்ன வெங்காயம், தக்காளி, வத்தல், மல்லி. அளவைக் கேட்டால் அப்பத்தா கையைக் காட்டுவார். அந்தக் கையையே நெருங்கி எடுங்கள்.

குரல் முதலில், படம் அப்புறம்

வேலைகளின் வரிசையில் நான் விடாப்பிடியாகச் சொல்வது இது. பேட்டிக் குரலைப் பதிவு செய்து, கேட்டு, எந்த ஏழெட்டு வாக்கியம் வேண்டும் என்று தேர்ந்த பிறகுதான் சமையலைப் படமெடுக்கப் போக வேண்டும். அப்போதுதான் 'தூக்குச்சட்டி' என்று அவர் சொல்லும் இடத்துக்குத் தூக்குச்சட்டிக் காட்சி வேண்டும் என்பது தெரியும். முதலில் படத்தை எடுத்துக் குவித்துவிட்டு அதற்குக் குரல் தேடினால், அழகான ஆவியும் பொருந்தாத பேச்சும்தான் மிஞ்சும்.

பேட்டியைக் கடையில் எடுக்காதீர்கள். புகைபோக்கி விசிறியின் இரைச்சலும் பஸ் ஹாரனும் குரலைத் தின்றுவிடும். வீட்டில், துணிகள் இருக்கும் அறையில் எடுங்கள். துணி எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும், குளியலறைக்குள் பேசுகிற மாதிரி இருக்காது. மின்விசிறியை நிறுத்துங்கள். பிரிட்ஜையும் நிறுத்துங்கள், ஆனால் திரும்பப் போட மறக்காமலிருக்க வண்டிச் சாவியை அதற்குள் வையுங்கள், அதை எடுக்காமல் கிளம்ப முடியாது. சட்டையில் குத்தும் சின்ன மைக் இருந்தால் நல்லது. சேலையில் முந்தானை உரசாத பக்கமாகக் குத்த வேண்டும், வாயிலிருந்து ஒரு சாண் தூரம். மைக் இல்லையென்றால் இன்னொரு போனில் குரல் பதிவைப் போட்டு, படத்தில் தெரியாமல் மடியில் வைத்துவிடலாம். தொடங்கும்போது ஒருமுறை கைதட்டுங்கள். படத்தையும் குரலையும் பிறகு பொருத்த அந்தச் சத்தம் உதவும். முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த அறையின் அமைதியையும் பதிவு செய்யுங்கள். வாக்கியங்களை வெட்டி ஒட்டும்போது இடையில் விழும் பள்ளங்களை அது நிரப்பும்.

கேள்வி கேட்பவரின் குரல் வீடியோவில் வராது. அதனால் பதில் தனியாக நிற்கும் வாக்கியமாக வர வேண்டும். 'வீட்டுலதான்' என்று மட்டும் அப்பத்தா சொன்னால், "எதை வீட்டுல வச்சீங்கன்னு சேர்த்துச் சொல்லுங்க" என்று மெதுவாகக் கேளுங்கள். ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். எழுதிக் கொடுத்துப் படிக்க வைத்தால் அவர் செய்தி வாசிப்பவர் மாதிரி பேசத் தொடங்கிவிடுவார், அவருடைய மொழி போய்விடும். 'மயினி', 'கொண்டு போவேன்', 'ஒத்துக்கிடல' எல்லாம் அப்படியே இருக்கட்டும். வெளியூர்க்காரருக்குப் புரிய கீழே எழுத்து ஓடும்.

சமையல் சத்தங்களைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். மாவு பலகையில் அறையும் சத்தம், பரோட்டா எண்ணெயில் விழும் சத்தம், சால்னா கரண்டி பாத்திரத்தில் தட்டும் சத்தம். இந்த மூன்றும் சுத்தமாகக் கிடைத்தால் பின்னணி இசையே தேவைப்படாது. சினிமாப் பாட்டு போடவே வேண்டாம். பாட்டின் உரிமைக்காரர் உரிமை கோரினால் வீடியோ தடுக்கப்படலாம், அதுவும் ஊரே பகிர்ந்துகொண்டிருக்கும் நாளில் நடக்கலாம்.

கடையில் படமெடுக்கும் நாள்

மாவு பிசையும் மத்தியான நேரத்தில் போய்விடுங்கள். கூட்ட நேரத்தில் மாஸ்டருக்கு நீங்கள் இடைஞ்சல், அவருடைய எண்ணெய் உங்களுக்கு ஆபத்து. வீச்சையும் பொரிப்பதையும் கடை திறக்கும் முன் முதல் ஈட்டில் எடுத்துவிட்டு, கூட்டம் வந்த பிறகு கல்லாப் பக்கம் நின்று தூரத்திலிருந்து நாலைந்து காட்சி எடுத்தால் போதும்.

குழல் விளக்கின் கீழ் எடுத்த வீடியோவில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. விளக்கு அதற்கேற்பத் துடிப்பதுதான் காரணம். போன் கேமராவில் புரோ பயன்முறை இருந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று நிறுத்திவிடுங்கள், பட்டை போய்விடும். அந்த வசதி இல்லையென்றால் ஜன்னல் வெளிச்சம் இருக்கும்போதே முக்கியமான காட்சிகளை எடுத்துவிடுங்கள். எடுத்த முதல் காட்சியை உடனே பெரிதாக்கிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் மாற்ற முடியாது.

ஆவி தெரிய வேண்டுமென்றால் வெளிச்சம் பாத்திரத்துக்குப் பின்னாலிருந்து வர வேண்டும், ஆவிக்குப் பின்புறம் இருட்டாக இருக்க வேண்டும். முன்னாலிருந்து விளக்குப் போட்டால் எவ்வளவு சூடான சால்னாவும் ஆறிப்போனது மாதிரிதான் தெரியும். கல்லுக்குப் பக்கத்தில் நிற்கும்போது எண்ணெய்த் திவலை லென்ஸில் படியும். போனின் சின்னத் திரையில் அது உடனே தெரியாது. எல்லாக் காட்சியும் பனிமூட்டம் போட்டது மாதிரி ஆகிவிட்டால் காரணம் அதுதான். இரண்டு காட்சிக்கு ஒருமுறை மெல்லிய துணியால் துடையுங்கள். சூட்டில் போன் தானாக அணையவும் செய்யும், அதனால் காட்சிக்குக் காட்சி அடுப்பை விட்டு விலகிவிடுங்கள். அழைப்பு வந்து பதிவு அறுந்துபோகாமலிருக்க விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு வேலையையும் மூன்று தூரத்தில் எடுங்கள்: கை மட்டும், கையும் முகமும், ஆளும் இடமும். ஒவ்வொன்றும் பத்து விநாடி, போனை ஆட்டாமல். வீச்சு ஒன்றை மட்டும் மெதுவோட்டத்தில் எடுக்கலாம், மற்றதெல்லாம் உள்ளபடி ஓடட்டும். பலகையைத் துடைத்துவிடுங்கள், மாஸ்டர் கைநகத்தைப் பாருங்கள், தலையில் துணி கட்டச் சொல்லுங்கள். பார்ப்பவர்களின் கண் முதலில் அங்கேதான் போகும், கருத்தும் அதைப் பற்றித்தான் வரும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் முகம் தெரிய எடுக்கிறீர்கள் என்றால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் இலையையும் கையையும் எடுத்தாலே போதும்.

பிறகு அந்தப் பாதை. சாயந்தரம் வீட்டிலிருந்து சால்னா கிளம்புவதை ஒருநாள் கடைவரை உடன் போய் எடுங்கள். இப்போது தூக்குச்சட்டிக்குப் பதில் பெரிய தேக்ஸா, நடைக்குப் பதில் ஸ்கூட்டர் என்று மாறியிருக்கலாம். பரவாயில்லை, இருப்பதை எடுங்கள். அப்பத்தாவை மறுபடியும் தூக்குச்சட்டியோடு நடக்க வைத்து நாடகம் போட வேண்டாம். பழைய தூக்குச்சட்டி வீட்டில் இருந்தால் அதன் வளைந்த கைப்பிடியை ஒரு காட்சி எடுத்தால் போதும், அவர் குரல் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

மூன்று நிமிடத்தை அடுக்குவது

2024 அக்டோபரிலிருந்து யூடியூப் ஷார்ட்ஸில் 3 நிமிடம் வரை போடலாம். அதனால் போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்து, 3 நிமிடத்துக்குள் அடக்குவது நல்லது. நம் கடையின் அடுக்கு இப்படி:

முதல் ஆறு விநாடி பேச்சே இல்லை. பரோட்டா எண்ணெயில் விழுகிறது, பொரிகிறது, அவ்வளவுதான். அடுத்து அப்பத்தாவின் ஒரு வரி: "பரோட்டா கடையில போடுவாங்க. சால்னா வீட்டுலதான்." அங்கேயே கேள்வி விழுந்துவிடுகிறது, ஏன் வீட்டில்? பதிலைப் பின்னால் வைத்திருங்கள். அரை நிமிடம் வரை மாவு பிசைவது, அளவுகள் எழுத்தாக ஓடும். ஈரத்துணி மூடியதும் கதை: மண்டியில் மூட்டை தூக்கும் ஆட்கள் வேலை முடிந்து பசியோடு வந்தது, அண்ணனும் தம்பியும் போட்ட ஒரே அடுப்பு, இடுப்பில் பிள்ளையோடு நடந்தது. இது ஐம்பது விநாடி. துணி எடுத்ததும் வீச்சு, பத்துப் பன்னிரண்டு விநாடி வெறும் சத்தம். இந்த மௌனத்தை நிரப்ப ஆசைப்படாதீர்கள், கதை உள்ளே இறங்க இடம் வேண்டும். பிறகு வீட்டு அடுப்பில் சால்னா, 'மயினி வைக்கலயா இன்னைக்கு' என்று மண்டி ஆட்கள் கேட்டது. கேள்விக்குப் பதில் இங்கே கிடைக்கிறது. அங்கிருந்து பாதை, கடை வாசல், கல்லில் பொரிவது, இலையில் நொறுக்குவது, சால்னா ஊற்றுவது. கடைசி இருபது விநாடி அழைப்பு.

எழுத்து கட்டாயம் வேண்டும். பஸ்ஸிலும் ஆபீஸிலும் சத்தம் இல்லாமல்தான் பார்ப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு வரி, பேசும் தமிழிலேயே எழுதுங்கள். செயலி தானாகப் போடும் எழுத்து வட்டார வழக்கில் நிறையத் தடுமாறும், வரிக்கு வரி திருத்துங்கள். திரையின் அடிப்பகுதியில் தலைப்பும் பொத்தான்களும் வந்து மறைக்கும் என்பதால் எழுத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி வையுங்கள்.

முதல் வெட்டு முடிந்ததும் அது மூன்றரை, நான்கு நிமிடம் இருக்கும். குறைக்கும்போது ஒரே சோதனைதான். ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டு, 'இது வேறு கடையின் வீடியோவிலும் வரக்கூடியதா?' என்று கேளுங்கள். வரும் என்றால் அது வேண்டாம். 'கஸ்டமர் திருப்திதான் முக்கியம்' போய்விடும், 'மயினி வைக்கலயா' நின்றுவிடும்.

அழைப்பு

இதை அப்பா சொல்லட்டும், இன்றைக்குக் கல்லாவில் இருப்பவர் அவர்தானே. கேமராவைப் பார்த்து விளம்பரம் மாதிரி சொல்லாமல், வேலை செய்துகொண்டே சொல்வது நன்றாக இருக்கும். 'அனைவரும் வருக, ஆதரவு தருக' என்று சொன்னால் யாருக்கும் எப்போது வருவது என்று தெரியாது. வெளியூரிலிருந்து வருபவருக்கு உண்மையில் வேண்டியது இதுதான்: எத்தனை மணிக்கு வந்தால் சூடாகக் கிடைக்கும், எது சீக்கிரம் தீர்ந்துபோகும், எங்கே இறங்க வேண்டும், என்ன கேட்டு வாங்க வேண்டும்.

"சால்னா ஆறு மணிக்கு வீட்டுல இருந்து வந்துரும். அப்ப வாங்க, முதல் ஈடு உங்களுக்குத்தான். பத்து பத்தரைக்கு மேல வந்தா பரோட்டா இருக்கும், சால்னா இருக்கும்னு சொல்ல முடியாது. புதுசா வர்றவங்க எத்தனை வேணும்னு முதல்லயே சொல்லாதீங்க, ரெண்டு சாப்பிட்டுப் பார்த்துட்டுச் சொல்லுங்க."

இதில் நேரம் வந்துவிட்டது, அதற்கான காரணமும் கதையிலிருந்தே வந்துவிட்டது. ஆறு மணி ஏன் என்று பார்த்தவருக்குத் தெரியும், ஏனென்றால் சால்னா நடந்து வந்த பாதையை அவர் பார்த்திருக்கிறார்.

விலை, விடுமுறை நாள், போன் எண் ஆகியவற்றை வீடியோவுக்குள் பேசவோ எழுதவோ வேண்டாம். அவை மாறும், வீடியோ மாறாது. அவற்றை விளக்கக் குறிப்பில் எழுதுங்கள், மாறும்போது அங்கே திருத்திக்கொள்ளலாம். கூகுள் மேப்பில் கடையின் இடக்குறி சரியான வாசலில் இருக்கிறதா என்று, கடையைத் தெரியாத ஒருவரிடம் போனைக் கொடுத்து நடக்கவிட்டுப் பாருங்கள். நேரமும் அங்கே சரியாக இருக்கட்டும். சாயந்தரக் கடை என்பதைக் குறிக்காமல் விட்டால் மத்தியானம் பசியோடு வந்து பூட்டைப் பார்ப்பவர்தான் முதல் விமர்சனம் எழுதுவார்.

வெளியிடும் முன், ஊர்க்காரரல்லாத இரண்டு மூன்று பேரிடம் ஒருமுறை மட்டும் போட்டுக் காட்டுங்கள். 'நல்லா இருக்கா?' என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். "சால்னாவை ஏன் வீட்டுல வைக்கிறாங்க? எத்தனை மணிக்குப் போகணும்?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குப் பதில் வராவிட்டால் நினைவுப் பகுதியைத் திருத்துங்கள், இரண்டாவதற்கு வராவிட்டால் கடைசி இருபது விநாடியைத் திரும்ப எடுங்கள். இரண்டுக்கும் பதில் வந்துவிட்டால், அப்பத்தாவிடமும் சின்னத் தாத்தா வீட்டிலும் ஒருமுறை காட்டிவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் போடுங்கள். பார்த்தவர்கள் அன்றைக்கே ஆறு மணிக்கு வரக்கூடும், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக மாவு பிசைந்து வைக்கச் சொல்லுங்கள்.